திரையில் தெரியாத ஜப்பானியச் சொல்: விரலால் வரைந்து அகராதியில் தேடுவது எப்படி?

ஜப்பானிய மொழியில் மட்டுமே வந்த பழைய வீடியோ கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தேன். குகை வாசலுக்குப் போனதும் திரையில் இப்படி ஒரு கேள்வி வந்தது:

この先は危険です。引き返しますか?

கீழே はい, いいえ என்று இரண்டு பதில்கள். はい என்றால் ஆம், いいえ என்றால் இல்லை. அதுவரை தெரியும். உள்ளே போகலாமா என்றுதான் கேட்கிறது என்று நினைத்து ஆம் என்பதை அழுத்தினேன். என் வீரன் திரும்பி விறுவிறுவென நடந்து வந்த வழியே போய்விட்டான். மறுபடி போனேன், மறுபடி ஆம், மறுபடி திரும்பிவிட்டான். மூன்றாவது முறையும் அப்படியே ஆனபிறகுதான், சரி, இந்த வாக்கியத்தைப் படித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் சிக்கல். திரையில் உள்ள எழுத்தை நகலெடுக்க முடியாது. தட்டச்சு செய்யலாம் என்றால், உச்சரிப்பு தெரிந்தால்தான் தட்டச்சு செய்ய முடியும். தமிழில் தெரியாத சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த, காஞ்சி எனப்படும் பொருளெழுத்து அப்படியல்ல. 険 என்ற வடிவத்தைப் பார்த்து அதன் ஒலியைச் சொல்ல முடியாது. கேமராவால் படமெடுத்துப் படிக்கவைக்கும் செயலிகள் இருக்கின்றன, தெளிவான அச்செழுத்துக்கு அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பழைய விளையாட்டுகளின் புள்ளி எழுத்து, அலங்கார எழுத்து, அசையும் பின்னணிமேல் வரும் எழுத்து என்றால் அவை தடுமாறும். அப்போது கைகொடுப்பது கையெழுத்து கீபோர்டு. எழுத்தை விரலால் வரைந்தால் அதை நிஜ எழுத்தாக மாற்றித் தரும், பிறகு அகராதியில் தேடலாம்.

கீபோர்டைச் சேர்ப்பது

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: திரையில் இருப்பது ஜப்பானியமா, சீனமா? の, は, す, か மாதிரி வளைந்த எளிய எழுத்துகள் நடுவே கலந்திருந்தால் அது ஜப்பானியம். இது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

ஆண்ட்ராய்டில் Gboard இருந்தால், அதன் அமைப்புகளில் `Languages`, அப்புறம் `Add keyboard`, அதில் `Japanese` என்று போங்கள். எந்த வகை வேண்டும் என்று சில படங்கள் வரும். அதில் `Handwriting` என்பதைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுங்கள். பிறகு எங்கே தட்டச்சு செய்தாலும் உலக உருண்டைப் பொத்தானை அழுத்தி இந்தக் கீபோர்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

ஐபோனில் `Settings`, `General`, `Keyboard`, `Keyboards`, `Add New Keyboard` என்று போய்ச் சீன மொழியின் கையெழுத்துக் கீபோர்டைச் சேர்ப்பார்கள். ஜப்பானியம் படிக்கிறவர்களும் வெகுகாலமாக இதைத்தான் பயன்படுத்திவருகிறார்கள். பெரும்பாலான எழுத்துகளுக்கு இது போதும், எங்கே போதாது என்பதையும் பார்ப்போம்.

கணினியில் விண்டோஸ் என்றால், ஜப்பானிய மொழியைச் சேர்த்தபின் பணிப்பட்டையில் தெரியும் あ அல்லது A குறியை வலச்சொடுக்கினால் `IME Pad` என்று வரும். அதில் மவுஸால் வரையலாம். எதையும் நிறுவ விருப்பமில்லையா, jisho.org என்ற இலவச அகராதித் தளத்தின் தேடல் பெட்டிக்குப் பக்கத்திலேயே வரைவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் போனில் வரைவதே நல்லது. மவுஸால் எழுதுவது, இடக்கையால் கோலம் போடுகிற மாதிரி.

வரையும் முன்

புதியவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு தவறு உண்டு. எழுத்தை ஒரு படமாக நினைத்து, அழகாக அப்படியே பிரதி எடுக்கப் பார்ப்பார்கள். கீபோர்டுக்கு உங்கள் அழகு தேவையில்லை. அதற்குப் போவது முடிந்த படம் மட்டுமல்ல. விரல் எங்கே தொட்டது, எந்தத் திசையில் போனது, எங்கே தூக்கியது என்பதெல்லாம் வரிசையாகப் போகிறது. விரல் தொட்டதிலிருந்து தூக்குவது வரை ஒரு கோடு. அந்தக் கோடுகளின் எண்ணிக்கையும் வரிசையும் சரியாக இருந்தால், கிறுக்கலாக எழுதினாலும் கண்டுபிடித்துவிடும். அவை தவறினால், அச்சுப் போல வரைந்தாலும் வேறெதையோ காட்டும்.

கோட்டு வரிசைக்கு நிறைய விதிகள் உண்டு. இந்த வேலைக்கு மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்ற இரண்டே போதும். அதோடு மூலை பற்றிய ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். 口 என்ற சதுரத்தைப் பாருங்கள். நாலு பக்கம், அதனால் நாலு கோடு என்று தோன்றும். உண்மையில் மூன்றுதான். முதலில் இடப்பக்கம் மேலிருந்து கீழே. அடுத்து மேல் பக்கத்தில் தொடங்கி, மூலையில் விரலைத் தூக்காமல் திரும்பி, வலப்பக்கம் கீழே வரை ஒரே கோடு. கடைசியில் அடிப்பக்கம். மேல் வலது மூலையில் விரல் எடுக்கக்கூடாது என்ற இந்த ஒரு பழக்கம் நூற்றுக்கணக்கான எழுத்துகளில் உதவும், ஏனென்றால் 日, 国, 見, 員 என்று சதுரம் எங்கு பார்த்தாலும் இருக்கிறது.

引 வரைவோம்

சரி, நம் வாக்கியத்துக்கு வருவோம். கேள்வி இருப்பது 引き返しますか என்ற பகுதியில். முதல் எழுத்து 引. இடப்பக்கம் வில் மாதிரி ஒரு பாகம், வலப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு. இடப்பாகம் மூன்று கோடு: மேலே கிடையாகப் போய் மூலையில் கீழே திரும்புவது ஒன்று, நடுவில் ஒரு கிடைக்கோடு, அப்புறம் இடது ஓரத்தில் இறங்கி, வலப்பக்கம் போய், மறுபடி கீழே இறங்கிக் கொக்கியில் முடிகிற நீண்ட கோடு. வலப்பக்கக் குச்சியையும் சேர்த்து மொத்தம் நாலு.

நான் முதலில் வரைந்தபோது கீபோர்டு ஒரு எழுத்துக்குப் பதில் இரண்டைக் காட்டியது: 弓 என்ற எழுத்து, பக்கத்தில் ஒரு குச்சி. வில் என்று பொருள் தரும் 弓 தனி எழுத்தாகவும் இருக்கிறது. நான் இரண்டு பாகத்துக்கும் நடுவே அதிக இடைவெளி விட்டதால், இரண்டு எழுத்து எழுதுகிறேன் என்று அது எடுத்துக்கொண்டது. இது அடிக்கடி நடக்கும். 明 வரைந்தால் 日月 என்று வரும், 林 வரைந்தால் 木木 என்று வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரக் கட்டத்துக்குள் எழுதுகிற மாதிரி நினைத்துப் பாகங்களை நெருக்கி எழுதினால் சரியாகிவிடும். தொடக்கத்தில் ஒரு தடவைக்கு ஒரே எழுத்தை மட்டும் எழுதித் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அடுத்தது.

வரைய வரைய மேலே ஒரு வரிசையில் உத்தேச எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும். முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடாதீர்கள். நீங்கள் தேடுவது மூன்றாவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கலாம். வரிசை போதாவிட்டால் ஓரத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட்டால் இன்னும் விரியும்.

返: வரிசை தவறினால் என்ன ஆகும்

அடுத்து 返. இடது ஓரத்தில் ஒரு வால் மேலிருந்து இறங்கி அடியில் நீண்டு ஓடுகிறது, உள்ளே 反. இடமிருந்து வலம் என்று இப்போதுதானே சொன்னேன், அதனால் வாலை முதலில் போட்டேன். வந்ததெல்லாம் வேறு எழுத்து. இதுதான் விதிவிலக்கு: இந்த வால் கடைசியில்தான் எழுதப்படும். உள்ளே 反 நாலு கோடு, அதன்பின் மேலே ஒரு புள்ளி, அதற்குக் கீழே நெளிந்து இறங்கும் கோடு, அடியில் வலப்பக்கம் நீண்டு இழுக்கும் கோடு என்று வால் மூன்று கோடு. மொத்தம் ஏழு.

நெளிவு என்று சொன்னதை அச்சில் பார்த்தால் பல மூலைகளாகத் தெரியும். எல்லா மூலைகளையும் தனித்தனியாக வரைந்தால் கோடு எண்ணிக்கை ஏறிவிடும். ஒரே வீச்சில் இழுத்துவிடுங்கள். இந்த வால் 近, 逃, 道, 通 என்று எண்ணற்ற எழுத்துகளில் வருவதால் ஒருமுறை பழகினால் போதும். சில எழுத்துகளில், உதாரணமாகப் புதிர் என்று பொருள்படும் 謎 என்பதில், அச்சில் இந்த வாலுக்கு இரண்டு புள்ளிகள்கூட இருக்கும். கையால் எழுதும்போது ஒரு புள்ளியோடு நிறுத்துவதும் வழக்கம்தான், அதனால் அது பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

இந்த முறை 返 வந்தது, பக்கத்திலேயே 近 என்பதும் வந்தது. இரண்டுக்கும் வால் ஒன்றுதான், இரண்டும் ஏழு கோடுதான். உள்ளே இருப்பதைத்தான் ஒப்பிட வேண்டும். திரையையும் கீபோர்டையும் மாறிமாறிப் பாருங்கள்: உள்பாகத்தின் கீழே பெருக்கல் குறி மாதிரி குறுக்காக வெட்டும் கோடுகள் இருந்தால் 反, நேராக இறங்கும் கால் இருந்தால் 斤. எழுத்து சின்னதாக இருந்தால் திரையைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய விளையாட்டுகளில் இன்னொரு தொல்லை உண்டு. இடம் போதாத புள்ளிக்கட்டத்தில் எழுத்தை அடைக்க, நெருக்கமான கோடுகளில் ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள். கோடு எண்ணி எண்ணிச் சலித்த பிறகுதான் அது பிடிபடும். அப்படிச் சந்தேகம் வந்தால், திரையில் தெரிவதை அப்படியே வரையாமல், உங்களுக்குத் தெரிந்த பாகம் எது போல இருக்கிறதோ அதை முழுதாக வரையுங்கள்.

எழுத்து கிடைத்தது, சொல் எங்கே?

引 என்றால் இழு, 返 என்றால் திருப்பு. இரண்டையும் தனித்தனியே அகராதியில் பார்த்து, இழுத்துத் திருப்புவது என்று யோசித்துக்கொண்டு உட்காரக்கூடாது. அகராதியில் தேட வேண்டியது எழுத்தை அல்ல, சொல்லை. ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை, அதனால் சொல் எங்கே முடிகிறது என்பதை நாமே ஊகிக்க வேண்டும்.

இங்கே 引き返しますか என்பதில் கடைசி か கேள்விக்குறி மாதிரி, நம் வந்தீர்களா என்பதில் உள்ள ஆகாரம்தான். ます மரியாதை விகுதி. அவற்றைக் கழற்றினால் 引き返し மிஞ்சும். வந்தீர்களா என்பதை அகராதியில் பார்க்க வா என்று தேடுகிற மாதிரி, இதையும் அடிப்படை வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ます-க்கு முன் し இருந்தால் பெரும்பாலும் அது す ஆகும்: 引き返す. அதேபோல き என்பது く ஆகும், み என்பது む ஆகும். இந்த மாற்றமெல்லாம் இன்னும் பழகவில்லை என்றால் jisho.org தளத்தில் உடுக்குறி போட்டுத் தேடலாம்:

```
引き返*
```

இப்படித் தொடங்கும் சொற்கள் எல்லாம் வரும். முதலில் வந்தது 引き返す, உச்சரிப்பு ஹிகிகயெசு, பொருள் வந்த வழியே திரும்பிப் போவது.

அதாவது அந்தக் கேள்வி, திரும்பிப் போகிறாயா என்பது. மூன்று முறை ஆமாம், ஆமாம் என்று சொன்னது நான்தான்.

சீனக் கீபோர்டில் வராத எழுத்து

இப்போது முன்பகுதியில் உள்ள 危険. 危 ஆறு கோடு, உடனே வந்துவிட்டது. 険 மட்டும், சீனக் கையெழுத்துக் கீபோர்டில் எத்தனை தடவை எழுதினாலும் வரவில்லை. 险 என்றும் 險 என்றும் மிகவும் ஒத்த இரண்டு வந்தன. என் கை சரியில்லை என்று நினைத்தேன். காரணம் அதுவல்ல.

ஜப்பானியர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல எழுத்துகளைத் தங்கள் வழியில் எளிமையாக்கினார்கள். சீன மக்கள் குடியரசு 1950-களில் தன் வழியில் எளிமையாக்கியது. அதனால் ஒரே பழைய எழுத்துக்கு இப்போது மூன்று உருவங்கள்: பழைய 險, ஜப்பானிய 険, சீன எளிய 险. கணினிக்கு இவை மூன்றும் தனித்தனி எழுத்துகள். சீனக் கீபோர்டு சீன எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டது, அது ஜப்பானிய உருவத்தைத் தராமல் போகலாம். கோடு எண்ணிக்கையே வேறு: 険 பதினொன்று, 险 ஒன்பது. இடப்பக்கம் உள்ள அதே காது போன்ற பாகத்தைக்கூட ஜப்பானில் மூன்று கோடாகவும் சீனாவில் இரண்டு கோடாகவும் எண்ணுகிறார்கள்.

ஜப்பானியக் கையெழுத்துக் கீபோர்டோ அகராதித் தளத்தின் வரையும் பெட்டியோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. தெரிந்த எழுத்தை வைத்துத் தெரியாததைப் பிடியுங்கள். `危*` என்று தேடினால் 危ない, 危機, 危険 என்று பட்டியல் வரும். திரையில் உள்ளதோடு கண்ணால் ஒப்பிட்டால் 危険 இதுதான் என்று தெரிந்துவிடும். கிக்கென், ஆபத்து. எவ்வளவு சிக்கலான எழுத்தாக இருந்தாலும், பக்கத்தில் எளிய எழுத்து ஒன்று இருந்தால் நான் முதலில் இந்த வழியைத்தான் பார்ப்பேன்.

சீனக் கீபோர்டில் எழுதினாலும், தேடுவது ஜப்பானிய அகராதியாகவே இருக்கட்டும். 手紙 என்ற சொல் ஜப்பானியத்தில் கடிதம், சீனத்தில் கழிவறைக் காகிதம்.

எல்லாம் சரியாக இருந்தும் அகராதி இல்லை என்றால்

எழுத்தும் வந்துவிட்டது, பார்க்கவும் சரியாக இருக்கிறது, ஆனால் அகராதியில் ஒன்றும் கிடைக்கவில்லை. இது நடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இரட்டையர்களை. தமிழில் துணைக்காலும் ரகரமும் கையெழுத்தில் ஒன்றாகவே இருக்கின்றன அல்லவா? நாம் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம், கணினிக்கு அவை வேறு வேறு. ஜப்பானியத்திலும் அப்படியே. வலிமை என்ற பொருளுள்ள காஞ்சி 力, ஒலியை மட்டும் காட்டும் கத்தகானா என்ற வகை எழுத்தான カ இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். 口 என்றால் வாய், ロ என்பது ரோ என்ற ஒலி. 夕, タ மற்றொரு சோடி, 二, ニ இன்னொன்று.

விளையாட்டில் அடிக்கடி வரும் セーブ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டத்தைச் சேமிப்பது. நடுவில் உள்ளது நெட்டொலியைக் காட்டும் கோடு. அதை வரைந்தால் ஒன்று என்ற எண்ணான 一 வரலாம். セ一ブ என்று தேடினால் எதுவும் கிடைக்காது, உற்றுப் பார்த்தாலும் தவறு தெரியாது. அக்கம்பக்கத்தில் உள்ளவை கோணல்மாணலான கத்தகானாவாக இருந்தால், நடுவில் உள்ளதும் பெரும்பாலும் அந்த வகைதான். கத்தகானாவை வரையாமல் தட்டச்சு செய்துவிடுவது இன்னும் நல்லது. அவை ஐம்பதுக்குள் அடங்கும் ஒலி எழுத்துகள், ஒரு வாரத்தில் படித்துவிடலாம். வரைவதைக் காஞ்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிக்குள்ளேயும் 土, 士 இருக்கின்றன, 未, 末 இருக்கின்றன. எந்தக் கோடு நீளம் என்பது மட்டுமே வித்தியாசம். விரலால் எழுதும்போது அந்த நீளத்தை வேண்டுமென்றே மிகைப்படுத்துங்கள். 末 என்றால் மேல் கோட்டை நன்றாக நீட்டி, கீழ்க்கோட்டைக் குட்டையாக வெட்டிவிடுங்கள்.

எதுவுமே பலிக்காத எழுத்துகளும் வரும். அப்போது வரைவதை விட்டுவிட்டுப் பாகங்களைப் பொறுக்கித் தேடுங்கள். jisho.org தளத்தில் `Radicals` என்ற பகுதியில், எழுத்துக்குள் தெரியும் பாகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டால் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். மெதுவான வழி, ஆனால் கோட்டு வரிசை தெரியவே வேண்டாம்.

நம் வாக்கியத்தில் மிச்சம் இருந்தது 先 மட்டும். ஆறு கோடு, முதல் முயற்சியிலேயே வந்தது: முன்னால், அப்பால். முழு வாக்கியம்: இதற்கு அப்பால் ஆபத்து. திரும்பிப் போகிறாயா?

குகை வாசலுக்கு நாலாவது முறையாகப் போய், いいえ அழுத்தினேன். வீரன் உள்ளே நுழைந்தான். இரண்டு நிமிடத்தில் செத்துப்போனான். ஆபத்து என்று சொன்னதும் சரிதான்.